எத்தனை இலைக்குச் சமைத்திருக்கிறீர்கள்? ரிசப்ஷன், டேட்டா என்ட்ரி ரெஸ்யூமேயில் எண் எழுதுவது எப்படி

கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசப் போனால் "நல்லா சமைப்பீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் இல்லை என்றா சொல்லப் போகிறார்? "இதுக்கு முன்னாடி எத்தனை இலைக்குப் பண்ணியிருக்கீங்க?" என்றுதான் கேட்போம். அவர் "முந்நூறு இலை, மூணு பந்தி, கூட ரெண்டு ஆள்" என்றதும் நம் மனதில் ஒரு கணக்கு ஓடும். நம் வீட்டில் ஐந்நூறு பேர், இவர் தாங்குவாரா, இன்னொரு ஆள் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று.

ரெஸ்யூமேயில் எண் போடுங்கள் என்று சொல்வதும் இவ்வளவுதான். ஆனால் "அளந்து காட்டக்கூடிய சாதனை" என்ற பெயரில் அந்த அறிவுரை வந்து சேர்வதால் குழப்பமாகிவிடுகிறது. விற்பனையில் இருப்பவர் இத்தனை லட்சத்துக்கு விற்றேன் என்று எழுதிவிடுவார். ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர் என்ன எழுதுவார்? பாதிப் பேர் "ஃப்ரன்ட் ஆபீஸ் பணிகளைக் கவனித்தேன்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் இணையத்தில் பார்த்த மாதிரியை எடுத்து "அலுவலகச் செயல்திறனை 30% உயர்த்தினேன்" என்று போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம். முதல் வரியில் வெறுமை மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதில் "30% எப்படி வந்தது?" என்ற ஒரே கேள்வியில் நேர்காணல் கவிழ்ந்துவிடும்.

## எண் என்றால் சாதனை அல்ல, சுமை

சமையல்காரர் "சுவையை 20% கூட்டினேன்" என்று சொல்லவில்லை. எவ்வளவு சுமை தூக்கினார் என்று மட்டும் சொன்னார். அலுவலக வேலையிலும் முதலில் வர வேண்டிய எண் இதுதான். இதை இந்தக் கட்டுரை முழுக்க 'பணி அளவு' என்று சொல்கிறேன்: ஒரு நாளில், ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் உங்கள் கை வழியாக எத்தனை பில், எத்தனை ஆள், எத்தனை போன், எத்தனை படிவம் போகிறது என்பது.

ஆள் எடுப்பவருக்கு இது ஏன் வேண்டும்? அவர் கவுண்டரில் ஒரு நாளைக்கு 70 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். "கவனித்தேன்" என்று எழுதியவர் நாளைக்கு 8 பேரைப் பார்த்தவரா, 80 பேரைப் பார்த்தவரா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டு பேருமே அதே வார்த்தையைத்தான் எழுதுவார்கள். எண் வந்தால்தான் அவரால் தன் சுமையோடு உங்கள் சுமையை ஒப்பிட முடியும்.

பணி அளவுக்கு அப்புறம் வருவது இரண்டு: எவ்வளவு சரியாகச் செய்தீர்கள், எது மாறியது. இந்தக் கடைசியைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். கிடைக்காததால் எண்ணே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இதுவரை: முதல் எண் பணி அளவு. மாற்றம், முன்னேற்றம் எல்லாம் அதற்குப் பிறகு, இருந்தால் மட்டும்.

## எண்கள் எங்கே கிடக்கின்றன

என் சித்தி மகள் திருச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருந்தாள். வேறு இடம் பார்க்கலாம் என்று ரெஸ்யூமேயைக் கொண்டுவந்தபோது அதில் நான்கு வரி இருந்தது. எண் என்று பார்த்தால் போன் நம்பர் மட்டும்தான்.

"அண்ணா, என்கிட்ட என்ன நம்பர் இருக்கு? வர்றவங்களை உக்காரச் சொல்றேன், பில் போடறேன், போன் எடுக்கறேன். அவ்ளோதான்."

"கடைசியா போட்ட பில் நம்பர் என்ன?"

யோசிக்கவே இல்லை. "பதிமூணாயிரத்து நூத்தி நாப்பது."

அங்கே பில் நம்பர் ஏப்ரல் 1-ஆம் தேதி 1-லிருந்து தொடங்கும். நாங்கள் பேசியது செப்டம்பர் முடிந்த அன்று இரவு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள். ஞாயிறு 26, லீவு 3 கழித்தால் 154 வேலை நாள். 13,140-ஐ 154-ஆல் வகுத்தால் நாளைக்கு 85 பில். எண்ணே இல்லை என்றவள் கையில் ஒரு நிமிடத்தில் ஒரு எண் வந்துவிட்டது.

ஆனால் அங்கே இரண்டு கவுண்டர். 85-ஐ அப்படியே எழுதினால் பக்கத்து சீட்டில் இருப்பவரின் உழைப்பையும் சேர்த்து எழுதியதாகிவிடும். பாதியாக வகுத்து 42 என்றும் போட முடியாது, ஏனென்றால் இரண்டு பேரும் சமமாகப் போடுகிறார்கள் என்று யார் சொன்னது? பில்லிங் சாஃப்ட்வேரில் லாகின் வாரியாக ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருந்தது. மறுநாள் போய் பத்து நாள் கணக்கைக் குறித்துக்கொண்டு வந்தாள்: 41, 38, 52, 47, 44, 36, 58, 49, 43, 45. கூட்டினால் 453. ஆக நாளைக்குச் சுமார் 45. குறைந்தது 36, அதிகபட்சம் 58.

இந்த மாதிரி எண்கள் எல்லா அலுவலகத்திலும் ஏதோ ஒரு ரூபத்தில் கிடக்கின்றன. டோக்கன் சீட்டின் கடைசி நம்பர், வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, தபால் வரும் போகும் ரெஜிஸ்டர், கூரியர் ரசீதுக் கட்டு. டேலியில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் சுலபம். TallyPrime-இல் Alt+G அழுத்தி Statistics என்று தேடினால் எந்த வகை வவுச்சர் எத்தனை என்ற பட்டியல் அப்படியே வந்து நிற்கும். தேதி வரம்பையும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அது அந்தக் கம்பெனிக் கணக்கில் போடப்பட்ட மொத்த வவுச்சர். நீங்கள் மட்டும் போட்டது அல்ல. இரண்டு பேர் போடுகிற இடம் என்றால் மேலே சொன்ன பில் கதைதான் இங்கேயும்.

எக்செலில் பதிகிறவர்கள் முதல் பத்தியில் எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்று எண்ணினால் போதும். பதிந்தவர் பெயரின் சுருக்கத்துக்கென்று ஒரு பத்தி இருந்தால் (இங்கே F, சுருக்கம் R2 என்று வைத்திருக்கிறேன்) உங்கள் வரிகளை மட்டும் தனியாக எடுக்கலாம்.

```
=COUNTA(A2:A6000)
=COUNTIF(F2:F6000,"R2")
```

## எங்கும் பதிவாகாத வேலைக்கு

போன் எங்கும் பதிவாகவில்லை. பழைய லேண்ட்லைன், கால் லிஸ்ட் கிடையாது. இதற்கு 'மாதிரி எடுப்பது' என்று ஒரு வழி உண்டு: எல்லாவற்றையும் எண்ணாமல், ஒரு சின்னப் பகுதியை மட்டும் கவனமாக எண்ணி, மொத்தமும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது. சோறு வெந்ததா என்று பார்க்க நாலு பருக்கையை எடுத்து நசுக்குகிறோமே, அதேதான்.

ஒரு துண்டுத் தாளை போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. ஒரு வாரம் செய்தாள். திங்கள் 62, அப்புறம் 44, 41, 39, 43, சனி 53. மொத்தம் 282, நாளைக்கு 47.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை மட்டும் எண்ணியிருந்தால் 62 என்று எழுதியிருப்பாள். அதை ஆறு மாதத்துக்குப் பெருக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். பருக்கையைப் பானையின் அடியிலிருந்து மட்டும் எடுப்பது போல. அதனால் மாதிரி எடுக்கும்போது பரபரப்பான நாளும் மந்தமான நாளும் கலந்து இருக்க வேண்டும். ஒரு முழு வாரம் என்றால் அது தானாகவே அமைந்துவிடும். பண்டிகை வாரம், மாதக் கடைசி ஸ்டாக் எடுக்கும் நாட்கள் போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

வேலையை விட்டு வந்தாயிற்று, எண்ணிப் பார்க்க வழியில்லை என்பவர்கள் இடத்தின் அமைப்பிலிருந்து கணக்குப் போடலாம். ஒரு கிளினிக்கில் மூன்று டாக்டர், ஒருவருக்கு 15 நிமிடத்துக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட், மாலை 5 முதல் 9 வரை. மணிக்கு 4 பேர், நான்கு மணி நேரத்துக்கு 16 பேர், மூன்று டாக்டருக்கு 48 பேர். இது நிரம்பினால் வரும் எண். வழக்கமாகச் சில இடம் காலியாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே "மாலை நேரத்தில் சுமார் 40 பேர்" என்று எழுதலாம். 'சுமார்' என்ற சொல்லைப் போட வெட்கப்பட வேண்டாம். கணக்கு எப்படி வந்தது என்று சொல்ல முடிந்தால் 'சுமார் 40' போதுமான எண்தான். சொல்ல முடியாவிட்டால் '43' என்று துல்லியமாக எழுதியும் பயனில்லை.

இதுவரை: முதலில் ரெஜிஸ்டரில், ரிப்போர்ட்டில் தேடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் கோடு போட்டு எண்ணுங்கள். அதுவும் முடியாவிட்டால் இருக்கை, நேரம், ஆட்களை வைத்துக் கணக்கிட்டு 'சுமார்' சேர்த்து எழுதுங்கள்.

## டேட்டா என்ட்ரியில் வேகமும் பிழையும்

இங்கே எண் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இருக்கிற எண்ணைத் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் பிரச்சினை.

வேகத்தைச் சொல்ல இரண்டு அளவு புழக்கத்தில் இருக்கிறது. டைப்ரைட்டிங் தேர்வு எழுதியவர்களுக்கு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பது பழக்கம்: ஆங்கில லோயர் என்றால் 30, ஹையர் என்றால் 45. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் வேலைகளில் பலவற்றுக்கு மணிக்கு 8,000 விசை அழுத்தம் என்று கேட்கிறார்கள். ஒரு சொல்லுக்குச் சராசரியாக 5 அழுத்தம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் 8,000-ஐ 60-ஆல் வகுத்து, மறுபடி 5-ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 27 சொல். பெரிய எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை, லோயர் பாஸ் பண்ணியவர் எட்டக்கூடியதுதான்.

ஆனால் இது அச்சடித்த தாளைப் பார்த்து நிறுத்தாமல் அடிக்கும் வேகம். அலுவலகத்தில் யாரும் அப்படி அடிப்பதில்லை. கையெழுத்தைப் படிக்க வேண்டும், அடுத்த கட்டத்துக்குத் தாவ வேண்டும், பட்டியலிலிருந்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 45 சொல் அடிப்பவரும் ஒரு கோணல் கையெழுத்து விண்ணப்பத்தின் முன்னால் அரை நிமிடம் உட்கார்ந்திருப்பார். அதனால் ரெஸ்யூமேயில் டைப்பிங் வேகத்தோடு இன்னொன்றும் எழுதுங்கள்: மணிக்கு எத்தனை படிவம், ஒரு படிவத்தில் எத்தனை கட்டம். "14 கட்டங்கள் கொண்ட கையெழுத்துப் படிவம், மணிக்கு 22" என்றால் ஆள் எடுப்பவருக்கு உடனே புரியும். அளப்பதும் கஷ்டமில்லை. எக்செலில் `Ctrl+Shift+;` அழுத்தினால் அந்த நேரம் கட்டத்தில் விழும். ஒரு கட்டு தொடங்கும்போது ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை. இப்படி நாலைந்து கட்டுகளுக்கு எடுத்துச் சராசரி பாருங்கள்.

அடுத்தது பிழை. "99% துல்லியம்" என்ற வரி இல்லாத டேட்டா என்ட்ரி ரெஸ்யூமேயை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். எதில் 99% என்பதுதான் கேள்வி. ஒரு நாளைக்கு 120 படிவம், ஒன்றில் 14 கட்டம் என்றால் 1,680 கட்டம். கட்டக் கணக்கில் 99% சரி என்றால் தினமும் கிட்டத்தட்ட 17 கட்டம் தப்பு. அவை தனித்தனிப் படிவத்தில் விழுந்தால் ஏழு படிவத்துக்கு ஒன்று திரும்பி வரும். அது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமே இல்லை! படிவக் கணக்கில் 99% என்றால் 120-க்கு ஒன்று அல்லது இரண்டு தப்பு. அது வேறு கதை.

இங்கே 'பிழை விகிதம்' என்பதற்கு எளிய பொருள்: திரும்பி வந்து திருத்தியவை எத்தனை, மொத்தம் பதிந்தவை எத்தனை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது எண். "மாதம் சுமார் 3,000 படிவம், சரிபார்ப்பில் திரும்பியவை 20-க்குள்" என்று எழுதினால் சதவீதமே தேவையில்லை.

## மாற்றத்தைச் சொல்வது

இப்போது கடைசி எண்ணுக்கு வரலாம். ஸ்கேன் சென்டரில் கரெக்‌ஷன் நோட் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் பெயரோ வயதோ தப்பாக வந்தால் நோயாளி திரும்பி வருவார், பில்லைத் திருத்தி, ரிப்போர்ட்டை மறுபடி அச்சடித்து, நோட்டில் பில் நம்பரும் எந்த கவுண்டர் என்பதும் எழுத வேண்டும். சித்தி மகளின் கவுண்டரிலிருந்து ஏப்ரலில் 11, மே மாதம் 13. ஜூன் தொடக்கத்திலிருந்து அவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். பில்லைச் சேமிப்பதற்கு முன் டாக்டர் சீட்டைக் கையில் வாங்கி, பெயரின் எழுத்தையும் இனிஷியலையும் வயதையும் நோயாளியிடமே வாசித்துக் காட்டுவது. ஜூன் 5, ஜூலை 4, ஆகஸ்ட் 6.

மாற்றத்தைச் சொல்ல 'ஆரம்ப நிலை' வேண்டும், அதாவது நீங்கள் எதையாவது மாற்றுவதற்கு முன் இருந்த எண். இங்கே அது மாதம் 12. மாறிய பின் மாதம் 5. இது நியாயமான ஒப்பீடுதானா என்று ஒன்றைப் பார்க்க வேண்டும்: பில் எண்ணிக்கை குறைந்ததால் தப்பும் குறைந்திருக்கலாம் அல்லவா? பார்த்தோம். இரண்டு காலத்திலும் அவள் கவுண்டரில் மாதம் 1,150 பில்லை ஒட்டித்தான் இருந்தது. ஆகவே சுமார் நூறு பில்லுக்கு ஒன்று என்று இருந்தது, இருநூற்று முப்பதுக்கு ஒன்று என்று ஆனது.

"அப்போ 58% குறைச்சேன்னு போடலாமா அண்ணா?"

கணக்குப்படி சரிதான். 12-இல் 7 குறைந்தால் 58%. ஆனாலும் வேண்டாம் என்றேன். சின்ன எண்ணைச் சதவீதமாக்கினால் அது ஊதிப் பெரிதாகித் தெரியும். படிப்பவருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். "மாதம் 12-லிருந்து 5" என்றால் படித்தவுடன் நம்பத் தோன்றுகிறது, ஏனென்றால் இப்படி ஒரு சாதாரண எண்ணை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள். நூறுகளில் எண் இருக்கும்போது சதவீதம் எழுதுங்கள், பத்துகளில் இருந்தால் எண்ணையே எழுதுங்கள். இது சட்டம் ஒன்றுமில்லை, என் வழக்கம்.

இன்னொன்று, அந்த ஜூன் மாதமே சென்டர் ஆதார் அட்டையைக் கட்டாயமாக்கியிருந்தால் குறைந்ததற்கு அதுதான் காரணமாக இருந்திருக்கும். அப்படியிருந்தால் இந்த வரியை எழுதவே விட்டிருக்க மாட்டேன்.

## எழுதக் கூடாத எண்

கேஷ் கவுண்டரில் இருப்பவருக்கு அன்றாட வசூல் தெரியும். அது முதலாளியின் ரகசியம், உங்கள் ரெஸ்யூமேயில் வரக் கூடாது. அதைப் பார்க்கிற புது முதலாளி நாளைக்குத் தன் வசூலையும் வெளியே சொல்வீர்கள் என்றுதான் நினைப்பார். அதற்குப் பதிலாக, இரவில் கணக்கு முடிக்கும்போது கேஷ் எத்தனை நாள் டேலி ஆகவில்லை என்று எழுதலாம். 154 நாளில் இரண்டு நாள் என்றால் தொகை எதுவும் தெரியாமலே விஷயம் விளங்கிவிடும். நோயாளி பெயர், வாடிக்கையாளர் பட்டியல், ரிப்போர்ட்டின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றையும் வெளியே எடுக்க வேண்டாம். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

## நான்கு வரி என்ன ஆனது

முதலில் இருந்தது: "நோயாளிகளை வரவேற்றல், பில் போடுதல், தொலைபேசி அழைப்புகளுக்குப் பதிலளித்தல், ரிப்போர்ட் வழங்குதல்."

மாற்றிய பின்:

"இரண்டு கவுண்டர் கொண்ட ஸ்கேன் சென்டரில் தினமும் சுமார் 45 பில், அதிகபட்சம் 58."

"பில் போடுவதோடு தினமும் 40 முதல் 60 தொலைபேசி அழைப்புகள்."

"பெயர், வயதை வாசித்துச் சரிபார்க்கும் முறையைத் தொடங்கியதில் என் கவுண்டரின் ரிப்போர்ட் திருத்தங்கள் மாதம் 12-லிருந்து 5 ஆயின."

"தினசரி கேஷ் முடித்தல், 154 வேலை நாளில் 2 நாள் மட்டும் வித்தியாசம்."

ரிப்போர்ட் வழங்குவதற்கு எண் போடவில்லை. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பார்கள், கணக்கு வைக்கவில்லை. எல்லா வரியிலும் எண் இருந்தே ஆக வேண்டும் என்று அவசியமில்லை. நான்கில் மூன்று வரியில் இருந்தாலே தாராளம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அமைப்பு இதுதான்: என்ன வேலை, எந்த மாதிரி இடம், எவ்வளவு.

ஒரு மருத்துவமனையில் கூப்பிட்டார்கள். சாதனை பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். ரெஸ்யூமேயைப் பார்த்துக்கொண்டே, "45-னு போட்டிருக்கீங்க. இங்க ஒரு கவுண்டருக்கு 70 வரும். முடியுமா?" என்று கேட்டிருக்கிறார் மேனேஜர்.

"ஒரு நாள் 58 போட்டிருக்கேன் சார். அன்னிக்கு மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. தினமும் 70-னா, போன் எடுக்க வேற ஆள் இருந்தா முடியும்" என்றிருக்கிறாள். போன் எடுக்க அங்கே தனியாக ஆள் உண்டாம்.